இருபது ஜிபி காலி, ஆனாலும் ஏன் ‘லோடிங்’?

ஒருவர் போனிலேயே ஒரு விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறார். பெயர், முகவரி, பிறந்த தேதி எல்லாம் தட்டி முடித்தாகிவிட்டது. கடைசியாகப் புகைப்படம் கேட்கிறது. கேமராவைத் தொட்டு, படம் எடுத்து, சரி என்று அழுத்தித் திரும்பினால் பக்கம் வெள்ளையாகி மறுபடி முதலிலிருந்து ஏறுகிறது. நிரப்பியது எதுவும் இல்லை. பெயரிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும்.

பெரும்பாலானோர் அடுத்துச் செய்வது ஒன்றுதான். “போன் ஃபுல் ஆயிடுச்சு” என்று சொல்லிக்கொண்டு கேலரிக்குள் போய்ப் பழைய வீடியோக்களையும், வாட்ஸ்அப்பில் வந்து குவிந்த காலை வணக்கப் படங்களையும் அழிப்பார்கள். இருபது ஜிபி காலியாகும். மனசுக்கும் நிம்மதியாக இருக்கும். ஆனால் அடுத்த முறை படிவத்துக்கு நடுவே கேமராவைத் திறந்தால் அதே கதைதான். போனில் இடம் போதாமல் போனது ஓரிடத்தில்; நாம் காலி செய்தது வேறோர் இடத்தை.

பெட்டியில் இருக்கும் இரண்டு எண்கள்

போன் பெட்டியில் 4 ஜிபி, 64 ஜிபி என்று இரண்டு எண்கள் அச்சிட்டிருக்கும். சிறியது ரேம், பெரியது ஸ்டோரேஜ். இரண்டையும் ஒரே ‘ஜிபி’யில் சொல்வதால் ஒன்றில் மிச்சமிருப்பது மற்றொன்றுக்கு உதவும் என்று தோன்றுகிறது. உண்மையில் இரண்டும் தகவலைப் பிடித்து வைத்திருக்கும் முறையே வேறு.

ஸ்டோரேஜ் என்பது ஃப்ளாஷ் வகைச் சிப். 1980களில் ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் ஃபுஜியோ மசுவோகா உருவாக்கிய தொழில்நுட்பம் அது. அதில் ஒவ்வொரு தகவலும் மின்னூட்டமாக, சுற்றிலும் மின்கடத்தாப் பொருளால் அடைக்கப்பட்ட ஒரு நுண்ணறைக்குள் சிறைப்படுகிறது. வெளியேற வழியில்லாததால் போனை அணைத்து மாதக்கணக்கில் அலமாரியில் போட்டாலும் படங்கள் அப்படியே இருக்கும். இதற்கு ஒரு விலை உண்டு. அறைக்குள் மின்னூட்டத்தை ஏற்றவும் இறக்கவும் நேரம் பிடிக்கும். ஒரே ஓர் எழுத்தை மாற்ற வேண்டுமானாலும் அந்த இடத்தில் மட்டும் அழித்து எழுத முடியாது. அழிப்பது பெரிய தொகுதிகளாகத்தான் நடக்கும். ஒவ்வொரு முறை அழிக்கும்போதும் அந்த அறைகள் கொஞ்சம் தேய்கின்றன.

ரேம் நேரெதிரானது. ஐபிஎம் நிறுவனத்தின் ராபர்ட் டென்னார்ட் 1966இல் கண்டுபிடித்த அமைப்புதான் இன்றுவரை எல்லா போன்களிலும் இருக்கிறது. ஒரு டிரான்சிஸ்டர், மின்னூட்டத்தை வைத்திருக்க ஒரு குட்டிக் கெப்பாசிட்டர். அவ்வளவுதான். எழுதுவதும் படிப்பதும் மிக வேகம். ஆனால் கெப்பாசிட்டர் ஓட்டைக் குடம். வைத்தது ஒழுகிக்கொண்டே இருக்கும். அதனால் ரேமில் உள்ள ஒவ்வொரு வரிசையையும் பொதுவாக 64 மில்லி விநாடிக்குள் ஒருமுறை படித்து, மறுபடி நிரப்பியாக வேண்டும். விநாடிக்குப் பதினைந்து தடவைக்கு மேல் இந்த வேலை ஓயாமல் நடக்கிறது. மின்சாரம் நின்றால் எல்லாமே போய்விடும். போனை மறுதொடக்கம் செய்யும்போது படங்கள் பிழைப்பதும், பாதியில் நிறுத்திய விளையாட்டு போய்விடுவதும் இதனால்தான்.

விலை குறைந்த பல போன்களில் இந்த இரண்டு வகைச் சிப்புகளையும் ஒரே கறுப்பு உறைக்குள் வைத்துத்தான் பலகையில் ஒட்டுகிறார்கள். அவ்வளவு அருகில் இருந்தும் ஒன்றின் இடம் மற்றொன்றின் இடமாகாது. மெமரி கார்டு போட்டால் ஸ்டோரேஜ் கூடும். ரேம் ஒரு துளியும் கூடாது.

3 எம்பி படம், 48 எம்பி ஆகும் கதை

ஸ்டோரேஜில் இவ்வளவு இடம் இருக்கும்போது செயலியை அங்கேயே வைத்து ஓட்டினால் என்ன என்று கேட்கலாம். வேகம்தான் தடை. ரேமிலிருந்து ஒரு சிறு தகவலை எடுக்கச் சுமார் நூறு நானோ விநாடி ஆகும். ஃப்ளாஷிலிருந்து எடுக்கச் சுமார் நூறு மைக்ரோ விநாடி. அதாவது ஆயிரம் மடங்கு. திரையை நாம் விரலால் தள்ளும்போது போன் விநாடிக்கு அறுபது முறை படத்தை மாற்றி வரைய வேண்டும். ஒவ்வொரு முறையும் ஆயிரக்கணக்கான தகவல்கள் தேவைப்படும். அவற்றை ஃப்ளாஷிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தால் திரை நகரவே நகராது. அதனால் செயலி ஸ்டோரேஜில் தங்கியிருக்கும். ஓட வேண்டுமென்றால் ரேமுக்கு வந்தாக வேண்டும்.

வரும்போது அது அதே அளவில் வருவதில்லை. ஒரு புகைப்படத்தை எடுத்துக்கொள்வோம். 12 மெகாபிக்சல் கேமராவில் எடுத்த படம் என்றால் அகலம் 4,000 புள்ளி, உயரம் 3,000 புள்ளி; மொத்தம் 1.2 கோடி புள்ளிகள். ஸ்டோரேஜில் அது ஜேபெக் என்ற சுருக்கிய வடிவில் மூன்று நான்கு எம்பிக்குள் அடங்கிக் கிடக்கும். ஆனால் சுருக்கிய வடிவத்தைத் திரையில் காட்ட முடியாது. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம், ஒளிபுகும் தன்மை என்று நான்கு பைட் வீதம் விரித்தால்தான் காட்டலாம். 1.2 கோடியை நான்கால் பெருக்கினால் 4.8 கோடி பைட், அதாவது 48 எம்பி. மூன்று எம்பி படம் ரேமுக்குள் நுழைந்ததும் பதினாறு மடங்காகிவிட்டது. அதனால்தான் நன்றாக எழுதப்பட்ட செயலிகள் பெரிய படத்தை முழுதாக விரிக்காமல், திரைக்குத் தேவையான அளவுக்குச் சிறிதாக்கி விரிக்கின்றன. அந்த அக்கறை இல்லாத செயலிகள் ரேமை விழுங்குகின்றன.

ஆகவே, ‘இந்தச் செயலி 40 எம்பிதானே’ என்று பிளே ஸ்டோரில் பார்க்கும் அளவு, அது ரேமில் எவ்வளவு எடுக்கும் என்பதைச் சொல்லாது. அது ஸ்டோரேஜ் கணக்கு. ஓடும்போது எடுக்கும் இடம், அது திரையில் என்ன காட்டுகிறது, எத்தனை படங்களை விரித்து வைத்திருக்கிறது என்பதைப் பொறுத்தது.

நான்கு ஜிபி எங்கே போகிறது?

4 ஜிபி ரேம் உள்ள ஆண்ட்ராய்டு போனில் நான்கும் நம் செயலிகளுக்குக் கிடைப்பதில்லை. சிம் தொடர்பைக் கவனிக்கும் பகுதி, வரைகலைப் பகுதி, கேமரா போன்றவற்றுக்காக ஒரு பங்கு முதலிலேயே ஒதுக்கப்பட்டுவிடும். மீதியாக ஆண்ட்ராய்டின் கைக்கு வருவது பெரும்பாலும் 3.6, 3.7 ஜிபி அளவில்தான். அதில் இயங்குதளமும் அதன் பணிகளும், விசைப்பலகை, முகப்புத் திரை, பிளே ஸ்டோரைச் சார்ந்த சேவைகள் என்று எப்போதும் ஓடிக்கொண்டிருப்பவை பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும். நாம் தொட்டுத் திறக்கும் செயலிகளுக்கு மிஞ்சுவது ஒன்றரை ஜிபி என்றால் அதிர்ஷ்டம்தான்.

ஆண்ட்ராய்டு இந்த இடத்தைக் காலியாக வைத்திருக்க விரும்பாது. ஒரு செயலியிலிருந்து நாம் வெளியே வந்ததும் அதை மூடுவதில்லை. ரேமிலேயே விட்டு வைக்கிறது. மறுபடி தொட்டால் கண்ணிமைக்கும் நேரத்தில் காட்டலாம் என்பதற்காக. அதனால் ரேம் 80, 85 சதவீதம் நிரம்பியிருப்பதாகப் போன் காட்டினால் அது நோயல்ல. காலியாகக் கிடக்கும் ரேமும் நிரம்பிய ரேமும் ஏறக்குறைய ஒரே அளவு மின்சாரத்தைத்தான் குடிக்கின்றன. காலியாக வைத்திருப்பதில் லாபம் இல்லை.

இடம் குறையத் தொடங்கும்போது போன் முதலில் சுருக்கிப் பார்க்கும். பின்னணியில் சும்மா இருக்கும் செயலிகளின் தகவலை அழுத்திச் சுருக்கி, ரேமின் ஒரு பகுதியிலேயே வைக்கும். இதற்கு இசட்ரேம் என்று பெயர். பல சமயம் பாதிக்கும் குறைவான இடத்தில் அடங்கிவிடும். ஆனால் சுருக்குவதற்கும் விரிப்பதற்கும் பிராசசர் உழைக்க வேண்டும். ஓரளவுக்கு மேல் சுருக்கவும் முடியாது. அதற்குப் பிறகு ஒரே வழிதான் இருக்கிறது. யாரையாவது வெளியேற்றியாக வேண்டும்.

யாரை முதலில் வெளியேற்றுவது?

இந்த வேலைக்கென்றே ஆண்ட்ராய்டில் lmkd என்ற சிறு நிரல் ஓடிக்கொண்டிருக்கிறது. ரேமுக்காகக் காத்திருந்து வேலைகள் தேங்கத் தொடங்குகின்றனவா என்பதை அது கவனிக்கும். தேங்கினால் ஒரு செயலியைத் தேர்ந்தெடுத்து முடித்துவிடும். தேர்வு குருட்டாம்போக்கில் நடப்பதில்லை. ஓடும் ஒவ்வொரு செயலிக்கும் ஒரு மதிப்பெண் இருக்கிறது. எண் கூடக் கூட வெளியேறும் வரிசையில் முன்னால் நிற்க வேண்டும்.

இப்போது கையில் திறந்திருக்கும் செயலிக்கு 0. திரையில் பாதியாவது கண்ணுக்குத் தெரிந்துகொண்டிருப்பதற்கு 100. திரையில் இல்லாவிட்டாலும் நாம் உணரக்கூடிய வேலையைச் செய்துகொண்டிருப்பதற்கு, உதாரணமாகப் பாட்டு ஓட்டிக்கொண்டிருப்பதற்கு, 200. முகப்புத் திரைக்கு 600. சற்றுமுன் வரை பயன்படுத்திவிட்டு வந்த செயலிக்கு 700. அதற்கும் முன்னால் திறந்து மறந்துபோனவை எல்லாம் 900இலிருந்து 999 வரை வரிசையில் நிற்கும். பாட்டு நிற்காமல் ஓடுவதும், காலையில் திறந்த ஷாப்பிங் செயலி மாலையில் புதிதாகத் தொடங்குவதும் இந்த எண்களின் விளைவு.

இனி நம் விண்ணப்பக்காரருக்கு நடந்ததைப் பார்ப்போம். அவர் குரோமில் படிவத்தை நிரப்பியபோது குரோமின் எண் 0. யாரும் அதைத் தொட முடியாது. ‘கேமரா’வைத் தொட்ட நொடியில் கேமரா 0 ஆனது, குரோம் பின்னணிக்குப் போனது. கேமராவோ ரேமுக்குப் பெரும்பசிக்காரன். நாம் பொத்தானை அழுத்திய அதே கணத்துப் படம் கிடைக்க வேண்டும் என்பதற்காக, அழுத்துவதற்கு முன்பிருந்தே படங்களை எடுத்து எடுத்து ரேமில் வைத்துக்கொண்டிருக்கும். இருட்டும் வெளிச்சமும் கலந்த காட்சி என்றால் பல படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக இணைத்து ஒரு படமாக்கும். ஒவ்வொரு படமும் விரித்த நிலையில் பல பத்து எம்பி. எல்லாம் சேர்ந்தால் சில நூறு எம்பி ஒரே மூச்சில் தேவைப்படும்.

முதலில் 900களில் நின்றவை ஒவ்வொன்றாகப் போகும். 8 ஜிபி போனில் அதோடு வேலை முடிந்திருக்கும். 4 ஜிபி போனில் அவற்றை எல்லாம் அனுப்பிய பிறகும் போதாது. அடுத்து குரோமின் முறை. இன்னும் ஒரு நுட்பம் உண்டு. குரோமில் முகவரிப் பட்டையும் தாவல்களும் ஒரு தனிச் செயல்முறையாகவும், வலைப்பக்கம் வேறொரு செயல்முறையாகவும் ஓடுகின்றன. பின்னணிக்குப் போனதும் பக்கத்தை வைத்திருக்கும் செயல்முறையின் முக்கியத்துவம் மேலும் சரிந்துவிடும். அதனால் குரோம் உயிரோடு இருக்கும்போதே பக்கம் மட்டும் போய்விடுவது சாதாரணம். திரும்பி வரும்போது குரோம் உடனே தெரிந்து, உள்ளே பக்கம் மட்டும் வெள்ளையாகி மீண்டும் ஏறுவது அதனால்தான். முகவரி தெரியுமாகையால் பக்கத்தை மறுபடி கொண்டுவந்துவிடும். அதற்குள் நாம் தட்டியவற்றை மீட்டுத் தருவது தளம் எழுதப்பட்ட விதத்தைப் பொறுத்தது. பல தளங்களில் மீளாது.

ஐபோனிலும் தத்துவம் இதேதான். அங்கே வெளியேற்றும் பகுதிக்கு ஜெட்சம் என்று பெயர். 2014இல் வந்த ஐபோன் 6 நல்ல உதாரணம். 128 ஜிபி ஸ்டோரேஜ் வரை வாங்க முடிந்த அந்தப் போனில் ரேம் வெறும் 1 ஜிபி. சஃபாரியில் சில தாவல்களைத் திறந்துவிட்டுத் திரும்பினால் முதல் தாவல் மறுபடி ஏறத் தொடங்கும். உள்ளே நூறு ஜிபி காலியாகக் கிடந்தாலும் அது எந்த உதவிக்கும் வராது.

திரும்பி வரும்போது என்ன நடக்கிறது?

வெளியேற்றம் முன்னறிவிப்பு இல்லாமல் நடக்கும். ‘உன்னை முடிக்கப் போகிறேன், எடுத்து வைப்பதை எடுத்து வைத்துக்கொள்’ என்று சொல்ல நேரமிருக்காது. அதனால் ஆண்ட்ராய்டு முன்னெச்சரிக்கையாக ஓர் ஏற்பாடு செய்திருக்கிறது. ஒரு செயலி திரையைவிட்டு விலகும்போதே, ‘இப்போது எந்த இடத்தில் இருக்கிறாய் என்று சுருக்கமாக எழுதிக் கொடு’ என்று கேட்டு வாங்கி, இயங்குதளம் தன்னிடம் வைத்துக்கொள்ளும். எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் கீழே தள்ளியிருந்தோம், பெட்டிக்குள் என்ன தட்டியிருந்தோம் போன்ற சிறு விவரங்கள்தான் அதில் அடங்கும். படங்களையும் நீண்ட பட்டியல்களையும் அதில் திணிக்க முடியாது. மொத்தமே சில நூறு கேபிக்குள் இருக்க வேண்டும். 1 எம்பியை நெருங்கினால் செயலியே உடைந்து நின்றுவிடும்.

வெளியேற்றப்பட்ட செயலியை நாம் மறுபடி தொடும்போது புதிய செயல்முறை ஒன்று பிறக்கும். செயலியின் நிரல் ஸ்டோரேஜிலிருந்து ரேமுக்கு ஏறும். பக்கம் வரையப்படும். படங்களையும் பதிவுகளையும் இணையத்திலிருந்து மறுபடி கேட்டு வாங்கும். நாம் பார்க்கும் லோகோவும் சுழலும் வட்டமும் இந்த நேரத்தை நிரப்புவதற்கானவை. இப்படி அடியிலிருந்து தொடங்குவதற்கு ஐந்து விநாடிக்கு மேல் எடுத்துக்கொள்ளும் செயலியைக் கூகுள் மந்தமானது என்று கணக்கு வைக்கிறது. எல்லாம் எழுந்த பிறகு அந்தச் சிறு குறிப்பைச் செயலியிடம் திருப்பிக் கொடுக்கும். செயலியை எழுதியவர் அக்கறையோடு எழுதியிருந்தால் விட்ட இடத்திலேயே நிற்போம். எழுதாமல் விட்டிருந்தால் முதல் பக்கம்தான்.

ஒரே போனில், ஒரே நாளில், வெளியேற்றப்பட்ட இரண்டு செயலிகளில் ஒன்று பாதி எழுதிய செய்தியை அப்படியே காட்டுவதும் மற்றொன்று எல்லாவற்றையும் மறந்துபோவதும் ரேமின் தவறு அல்ல. அது செயலியின் தரம்.

இங்கே பலரை ஏமாற்றுவது, அண்மையில் திறந்த செயலிகளைக் காட்டும் அட்டை வரிசை. அதில் தெரியும் ஒவ்வொரு அட்டையும் அந்தச் செயலி உயிரோடு இருப்பதற்கான அடையாளம் என்று நினைக்கிறோம். அது வெறும் படம். நாம் செயலியைவிட்டு வந்தபோது பிடித்து, ஸ்டோரேஜில் எழுதி வைத்த படம். பல போன்களில் அணைத்துத் திறந்த பிறகும் அந்த அட்டைகள் வரிசையாக நிற்கும். அந்த நேரத்தில் அந்தச் செயலிகளில் ஒன்றுகூட ரேமில் இருக்காது. வங்கிச் செயலிகளின் அட்டை வெறுமையாகத் தெரிவதும் இதற்கு இன்னொரு சான்று. பாதுகாப்புக்காக அவை தம்மைப் படமெடுக்க விடுவதில்லை.

மேலே தள்ளி மூடினால்?

அட்டைகளைப் பார்த்ததும் எல்லாவற்றையும் மேலே தள்ளி மூடும் பழக்கம் பலருக்கு உண்டு. போனுக்குச் சுமை குறையும், பேட்டரி மிஞ்சும் என்ற நம்பிக்கை. நடப்பது வேறு. போன் தானாக வெளியேற்றும்போது அந்தச் சிறு குறிப்பு பத்திரமாக இருக்கும். நாமே அட்டையைத் தள்ளி மூடினால், ‘எனக்கு இது வேண்டாம்’ என்று சொன்னதாகப் போன் எடுத்துக்கொண்டு குறிப்பையும் தூக்கிப் போட்டுவிடும். போன் செய்யும் வெளியேற்றத்தைவிட நம் விரல் செய்யும் வெளியேற்றம் முழுமையானது. அடுத்த முறை செயலி அடியிலிருந்து எழ வேண்டும். ஸ்டோரேஜிலிருந்து படிக்கவும், இணையத்திலிருந்து மறுபடி இறக்கவும் பிராசசரும் டேட்டாவும் செலவாகும். பேட்டரியை மிச்சப்படுத்தச் செய்த காரியமே பேட்டரியைக் கரைக்கும்.

2016இல் ஐபோன் பயனர் ஒருவர் ஆப்பிளுக்கு மின்னஞ்சல் அனுப்பி, நீங்கள் செயலிகளை இப்படி மூடுவதுண்டா, பேட்டரிக்கு அது அவசியமா என்று கேட்டார். மென்பொருள் பிரிவின் தலைவர் க்ரெய்க் ஃபெடரிகி இரண்டு கேள்விக்கும் இல்லை என்று பதில் எழுதினார். ஆண்ட்ராய்டு தரப்பிலும் அதே கருத்துதான். ‘ரேமைச் சுத்தம் செய்கிறேன்’ என்று வரும் செயலிகள் செய்வதும் இதே வேலைதான். கூடவே தாமும் ரேமில் உட்கார்ந்துகொள்ளும். ஆண்ட்ராய்டு 14இலிருந்து, வெளியிலிருந்து வரும் ஒரு செயலி தன் சொந்தப் பின்னணி வேலைகளைத் தவிர மற்ற செயலிகளை இப்படி முடிக்க முடியாதபடி கூகுள் அடைத்துவிட்டது.

தள்ளி மூடுவது பயன்படும் நேரமும் உண்டு. செயலி உறைந்து நின்றாலோ, தவறான பக்கத்தில் சிக்கிக்கொண்டாலோ மூடித் திறப்பதுதான் மருந்து.

எது எதனால் என்று கண்டுபிடிப்பது

மறுபடி ஏறுவது எல்லாம் ரேமால் அல்ல. திரும்பி வரும்போது செயலியின் லோகோ தெரிந்து பிறகு முதல் பக்கம் வந்தால், ரேமிலிருந்து வெளியேற்றப்பட்டிருக்கிறது என்று பொருள். பக்கம் உடனே தெரிந்து, ஓரிரு விநாடி கழித்துப் பதிவுகள் மட்டும் மாறினால் ரேமில் சிக்கல் இல்லை. புதிய பதிவுகளைக் காட்ட அந்தச் செயலியே புதுப்பித்துக்கொள்கிறது. வங்கிச் செயலி மறுபடி கடவு எண் கேட்டால் அதுவும் பெரும்பாலும் பாதுகாப்புக்காக வைத்த கால வரம்பு. எவ்வளவு ரேம் இருந்தாலும் அது மாறாது. புதுப் படத்தைச் சேமிக்க முடியவில்லை, செயலி இறங்க மறுக்கிறது என்று போன் சொன்னால், அது ஸ்டோரேஜ் சிக்கல். அதற்குத்தான் வீடியோக்களை அழிக்க வேண்டும். ஸ்டோரேஜ் விளிம்புவரை நிரம்பினால் ஃப்ளாஷில் எழுதும் வேகம் குறைந்து போன் திணறுவதும் உண்மை. ஆனால் அந்தத் திணறலும், படிவம் காணாமல் போவதும் வெவ்வேறு நோய்கள்.

பெட்டியில் 4+4 ஜிபி என்று விளம்பரம் செய்யும் ‘விர்ச்சுவல் ரேம்’ பற்றியும் தெரிந்துகொள்வது நல்லது. ஸ்டோரேஜில் நான்கு ஜிபியை ஒதுக்கி, பின்னணியில் தூங்கும் செயலிகளின் தகவலை அங்கே இறக்கி வைக்கும் ஏற்பாடு அது. அதனால் சில செயலிகள் வெளியேற்றத்திலிருந்து தப்பலாம். ஆனால் ஆயிரம் மடங்கு மெதுவான இடத்திலிருந்து திரும்பி வர வேண்டும். கேமரா மாதிரி இந்த நொடியே இடம் கேட்கும் வேலைக்கு அது உண்மையான ரேமுக்கு ஈடாகாது. ஃப்ளாஷும் கூடுதலாகத் தேயும்.

கையில் இருப்பது 4 ஜிபி போன்தான் என்றால், மதிப்பெண் முறையை நமக்குச் சாதகமாக்கிக்கொள்ளலாம். படிவத்துக்குத் தேவையான புகைப்படத்தையும் சான்றிதழ் நகல்களையும் முன்பே எடுத்துக் கேலரியில் வைத்துவிட்டு, பிறகு படிவத்தைத் திறக்க வேண்டும். கேலரியிலிருந்து ஒரு படத்தைத் தேர்ந்தெடுப்பது, கேமராவைத் திறப்பதோடு ஒப்பிட்டால் மிகச் சிறிய சுமை. ஓடிபி வந்தால் குறுஞ்செய்திச் செயலிக்குள் போகாமல், மேலிருந்து அறிவிப்புத் திரையை இழுத்துப் பார்த்தால் போதும். அப்போது நம் படிவம் கையில் இருக்கும் செயலியாகவே நீடிக்கும். இரண்டு செயலிகளுக்கு நடுவே மாறி மாறிப் பார்த்துத் தட்ட வேண்டியிருந்தால் திரையை இரண்டாகப் பிரித்து வைக்கலாம். கண்ணுக்குத் தெரியும் செயலியைப் போன் கடைசிக் கட்டத்தில்தான் தொடும்.

புதிதாக வாங்கப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஸ்டோரேஜ் போதாவிட்டால் பல போன்களில் மெமரி கார்டு போடலாம். படங்களைக் கணினிக்கோ கிளவுடுக்கோ மாற்றலாம். ரேமைப் பிறகு கூட்ட வழியே இல்லை. சிப் பலகையோடு ஒட்டப்பட்டிருக்கிறது. அதனால் ஒரே விலையில் 4 ஜிபி, 128 ஜிபி ஒன்றும், 6 ஜிபி, 64 ஜிபி ஒன்றும் இருந்து, உங்கள் குறை ‘செயலி திரும்பத் திரும்ப முதலிலிருந்து வருகிறது’ என்பதானால் இரண்டாவதுதான் சரி. கடையில் பார்வைக்கு வைத்திருக்கும் போனிலேயே சோதிக்கலாம். குரோமில் ஒரு செய்திப் பக்கத்தைத் திறந்து பாதிவரை கீழே தள்ளுங்கள். மேப்ஸ், யூடியூப் என்று மூன்று நான்கு செயலிகளைத் திறந்துவிட்டு, கடைசியில் கேமராவில் சில படங்கள் எடுங்கள். பிறகு குரோமுக்குத் திரும்புங்கள். பக்கம் விட்ட இடத்தில் நின்றால் அந்தப் போன் உங்கள் வேலைக்குப் போதும். வெள்ளையாகி மறுபடி ஏறினால், விற்பனையாளர் அடுத்து எந்த எண்ணைச் சொன்னாலும் ரேம் கூடுதலாக உள்ள மாடலைக் காட்டச் சொல்லுங்கள்.